ட்ரூப் இருந்தும் ஃப்ரீக்வென்சி 48.8 வரை விழுந்தது ஏன்? (பிரிட்டன், 2019 ஆகஸ்ட் 9)

மின்மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். ஈஈஈ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் நடந்த மின்தடையை எடுத்திருக்கிறேன். எது எதற்குப் பிறகு நடந்தது என்பது புரிகிறது. கணக்குத்தான் இடிக்கிறது.

மாலை 4:52:33க்கு ஈட்டன் சோகான் - வைமண்ட்லி 400 கேவி லைனில் மின்னல் விழுந்தது. பத்தில் ஒரு நொடிக்குள் ரிலேக்கள் பழுதை விலக்கிவிட்டன. அதைத் தொடர்ந்து ஹார்ன்சீ கடல் காற்றாலையில் 737 மெகாவாட் போய்விட்டது. லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையத்தின் ஸ்டீம் டர்பைன் 244 மெகாவாட்டோடு ட்ரிப் ஆனது. ஊர் ஊராக விநியோக லைன்களில் இணைந்திருக்கும் சிறிய உற்பத்தியில் முதலில் 150, அப்புறம் 350. மொத்தம் 1,481 மெகாவாட். கையிருப்பில் இருந்த ரிசர்வ் 1,000 மட்டும். ஃப்ரீக்வென்சி 25 நொடியில் 50 ஹெர்ட்ஸிலிருந்து 49.1 வரை இறங்கி நின்றது. பிறகு 49.2க்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து அதே நிலையத்தில் ஒரு கேஸ் டர்பைன் 210 மெகாவாட்டோடு ட்ரிப் ஆக, 48.8க்குச் சரிந்தது. தானியங்கி லோடு ஷெட்டிங் இறங்கி, சுமார் 11 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது.

என் சந்தேகம் இதுதான். 1,481 போனதற்கு 0.9 ஹெர்ட்ஸ் விழுந்தது. வெறும் 210 போனதற்கு 0.4 ஹெர்ட்ஸ் விழுந்திருக்கிறது. முதல் கணக்கின்படி ஒரு ஹெர்ட்ஸுக்கு 1,600 மெகாவாட்டுக்கு மேல் வருகிறது, இரண்டாவதில் 525தான் வருகிறது. ஒரே கிரிட், ஒரே நிமிடம். ஃப்ரீக்வென்சி இறங்க இறங்க டர்பைன் கவர்னர் மெகாவாட்டை ஏற்றும் அந்த ட்ரூப் நேர்கோடு என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்? அப்புறம், 1,000 மட்டும் இருந்தபோது 1,481 இழப்பு 49.1இல் எப்படி நின்றது?

தர்க்கவாதி

இதில் பெரிய புதிர் எதுவும் இல்லை. காற்றாலை அதிகமானால் கிரிட்டில் சுழலும் எடை குறையும், எடை குறைந்தால் ஃப்ரீக்வென்சி வேகமாக விழும். அன்றைக்கு முதலில் போனதும் காற்றாலை, பெரிதாகப் போனதும் காற்றாலை. 737 மெகாவாட் நிலக்கரியில் இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. கவர்னர் ட்ரூப் 5% வைத்திருந்தால் எந்த இழப்பு வந்தாலும் ஃப்ரீக்வென்சியை 50க்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும், அதற்குத்தான் அது இருக்கிறது. காற்றாலைக்கு கவர்னர் இல்லை, அதனால் வரவில்லை.

கொதிகலன்காரர்

தர்க்கவாதி சார், எடை பற்றிச் சொன்னது சரி. ட்ரூப் பற்றிச் சொன்னது சரியில்லை. அனல் நிலையத்தில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ட்ரூப் ஃப்ரீக்வென்சியை 50க்குக் கொண்டுவராது. விழுகிறதை ஓர் இடத்தில் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. 5% ட்ரூப் என்றால் 50இல் ஐந்து சதவீதம், அதாவது 2.5 ஹெர்ட்ஸ் குறைந்தால் கவர்னர் வால்வை மூடிய நிலையிலிருந்து முழுதாகத் திறக்கும். அரை ஹெர்ட்ஸ் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு திறக்கும். 500 மெகாவாட் மிஷினுக்கு அது 100 மெகாவாட். இப்போது யோசியுங்கள். ஃப்ரீக்வென்சி திரும்ப 50க்கு வந்துவிட்டால் கவர்னருக்கு எந்தப் பிழையும் தெரியாது, அந்த 100 மெகாவாட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே கூடுதல் மெகாவாட் வேண்டுமானால் ஃப்ரீக்வென்சி கொஞ்சம் தாழ்ந்தே இருந்தாக வேண்டும். அந்தத் தாழ்வை நேராக்க வேறொருவர் லோடு செட் பாயிண்ட்டைத் தூக்க வேண்டும். எங்கள் காலத்தில் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து போன் வரும், ஆபரேட்டர் கையால் ஏற்றுவார். இந்தியாவில் மையத்திலிருந்து தானாகவே சிக்னல் அனுப்பும் ஏஜிசி தேசிய அளவில் வந்தது 2021இல்தான்.

தம்பிக்கு ஒன்று. ட்ரூப் நேர்கோடுதான், ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு முடிவு உண்டு. அந்த 500 மெகாவாட் மிஷின் 480இல் ஓடிக்கொண்டிருந்தால் கவர்னர் 100 கேட்கும், 20தான் கிடைக்கும். வால்வு முழுக்கத் திறந்த பிறகு ஃப்ரீக்வென்சி இன்னும் விழுந்தாலும் கூடுதலாக ஒரு மெகாவாட் வராது. உங்கள் இரண்டாவது சரிவை அங்கே தேடுங்கள்.

புதுவீட்டுக்காரன்

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மாலை ஆறரைக்கு மேல் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, டியூப் லைட் மினுக்குகிறது, ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஃப்ரீக்வென்சி விழுவது இதுதானே? எங்கள் ஏரியாவுக்கு ட்ரூப் செட்டிங்கை மாற்றச் சொல்லி யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?

சோமனூர் செல்வம்

அண்ணா, அது வோல்டேஜ். ஃப்ரீக்வென்சி இல்லை. உங்கள் தெருவுக்கு மட்டும் தனியாக ஃப்ரீக்வென்சி கிடையாது. உங்கள் வீட்டில் 49.95 என்றால் அந்த நொடியில் கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் ஏறக்குறைய அதேதான். வோல்டேஜ்தான் வீட்டுக்கு வீடு மாறும். நீங்கள் டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பத்தில் இருப்பீர்கள், மாலையில் எல்லோரும் ஏசி போட்டதும் லைனிலேயே வோல்டேஜ் செத்துப்போகும். ஒரு மல்டிமீட்டரை பிளக்கில் வைத்து மதியமும் மாலையும் அளந்து எழுதி, அதோடு பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வெறும் வாயால் சொன்னால் வேலை நடக்காது.

இப்போது என் கதை. மில்லில் எலெக்ட்ரீஷியன். இரண்டு டீசல் ஜெனரேட்டர் செட், ஒவ்வொன்றும் 400 கிலோவாட், பேரலலில் ஓட்டுகிறோம். ஒன்று எப்போதும் மூச்சு முட்டி ஓடுகிறது, இன்னொன்று பாதி லோடில் சொகுசாக ஓடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் ஃபில்டரை மாற்றிவிட்டுப் போய்விட்டார். எதுவும் மாறவில்லை. இதுவும் ட்ரூப் சமாச்சாரமா?

மங்கை

செல்வம், உங்களுடையது அசல் ட்ரூப் சமாச்சாரம். அதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மின்மாணவன் கேட்டதற்கான பாதி பதில் அதில் இருக்கிறது.

இரண்டு செட்டும் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் செட்டில் ட்ரூப் 4%, அது முழு லோடில் 50க்கு இறங்கும். இரண்டாவதில் 2%, முழு லோடில் 51க்கு இறங்கும். பேரலலில் இரண்டுக்கும் ஒரே ஃப்ரீக்வென்சிதான் இருக்க முடியும். 51 ஹெர்ட்ஸில் இரண்டாவது செட் 400 முழுக்கக் கொடுத்துவிடும், முதலாவது 200 மட்டும் கொடுக்கும். மொத்தம் 600 கிலோவாட்டில் ஒன்றுக்கு மூச்சு முட்டும், ஒன்று சும்மா இருக்கும். ட்ரூப் குறைவாக உள்ள மிஷின் அதிக லோடைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும். இரண்டிலும் ட்ரூப்பும் லோடில்லா வேகமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று தனித்தனியாக ஓட்டி அளந்து பாருங்கள். லோடு ஷேரிங் கன்ட்ரோலர் எதுவும் இல்லாமல் இரண்டையும் ட்ரூப் இல்லாமல் ஐசோக்ரோனஸில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒன்று எல்லா லோடையும் இழுத்துக்கொண்டு, இன்னொன்றை மோட்டார் போலச் சுற்றவைத்து ரிவர்ஸ் பவரில் ட்ரிப் அடிக்கவைக்கும்.

அந்த முதலாவது செட் ஒன்றுதான் கை கொடுக்க மிச்சம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 600க்கு மேல் லோடு ஏறினால் இரண்டாவது செட் உதவாது, ஃப்ரீக்வென்சி மூன்று மடங்கு வேகத்தில் கீழே போகும். முன்பு ஒவ்வொரு ஹெர்ட்ஸ் இறக்கத்துக்கும் 600 கிலோவாட் கிடைத்தது, இனி 200தான். பிரிட்டனில் நடந்ததும் இதே வகை.

நான் பாதுகாப்பு ரிலே செட்டிங் வேலையில் இருப்பவள். இந்தச் சம்பவத்தை எங்கள் குழுவில் அலசியிருக்கிறோம். முதல் நொடியிலிருந்து போகலாம்.

மிஷின்கள் போன உடனே கவர்னர் எதுவும் செய்யாது. அது அசைவதற்குள், சுழலும் ரோட்டர்களில் இருக்கும் ஆற்றல்தான் பற்றாக்குறையைக் கொடுக்கும். அப்படிக் கொடுக்கக் கொடுக்க ரோட்டர்கள் வேகம் குறையும். அன்று பிரிட்டன் கிரிட்டில் அந்த ஆற்றல் ஏறக்குறைய 2,10,000 மெகாவாட்-செகண்ட். முதல் வீச்சில் போனது காற்றாலை 737, ஸ்டீம் டர்பைன் 244, சிறிய உற்பத்தி 150. கூட்டினால் 1,131.

```
df/dt = 50 × 1131 / (2 × 210000) = 0.135 Hz/s
```

சிறிய உற்பத்தியாளர்களிடம் அன்று இருந்த பழைய ரிலேக்களில் வரம்பு நொடிக்கு 0.125 ஹெர்ட்ஸ். ஃப்ரீக்வென்சி அதைவிட வேகமாக விழுந்தால் "நாம் கிரிட்டிலிருந்து துண்டிக்கப்பட்டு தனித்தீவாகிவிட்டோம்" என்று ரிலே நினைத்து மிஷினைக் கழற்றிவிடும். 0.135 அந்தக் கோட்டைத் தாண்டியது. இன்னொரு 350 மெகாவாட் போனது அப்படித்தான். முதல் 150 போனதும் இதே மாதிரி தனித்தீவு ரிலேயால்தான், ஆனால் அது ஃப்ரீக்வென்சி வேகத்தைப் பார்த்து அல்ல, மின்னல் பழுதில் வோல்டேஜ் கோணம் திடீரென்று குதித்ததைப் பார்த்து.

மின்மாணவன்

அக்கா, அப்படியானால் அந்த 350ஐ மின்னல் தள்ளவில்லை, சரிவின் வேகமே தள்ளியிருக்கிறது! அறிக்கையில் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டிருந்ததால் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

1,481க்கு அதே கணக்கைப் போட்டேன். நொடிக்கு 0.176 வருகிறது. அப்படியே போயிருந்தால் ஏழு நொடிக்குள் 48.8ஐத் தொட்டிருக்கும். 25 நொடியில் 49.1தான் என்றால் நடுவில் ஏதோ நிறையவே உதவியிருக்கிறது. ரிசர்வ் 1,000 என்கிறார்கள். மீதி 481 எங்கிருந்து வந்தது?

மங்கை

லோடு தானாகவே குறைந்திருக்கிறது. ஃப்ரீக்வென்சி இறங்கினால் நேரடியாக லைனில் ஓடும் மோட்டார்கள், பம்புகள், பெரிய மின்விசிறிகள் எல்லாம் மெதுவாகும், குறைவாக இழுக்கும். ஒரு ஹெர்ட்ஸுக்கு இரண்டு சதவீதம் என்பது கைக்கணக்குக்குப் பொதுவாக எடுத்துக்கொள்வது. அன்று பிரிட்டனில் லோடு சுமார் 29,000 மெகாவாட். இரண்டு சதவீதம் 580. 0.9 ஹெர்ட்ஸுக்கு 520 சொச்சம். ரிசர்வ் 1,000த்தோடு கூட்டினால் 1,520. இழப்பு 1,481. அதனால்தான் 49.1இல் நின்றது.

இனி உங்கள் முதல் சந்தேகத்துக்கு வாருங்கள். 49.1இல் நிற்பதற்கே கையிருப்பு முழுவதும் செலவாகிவிட்டது. அடுத்து 210 போனபோது கவர்னர்களிடமோ பேட்டரிகளிடமோ கொடுக்க எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது லோடின் இயல்பான 580 மட்டும். 210ஐ 580ஆல் வகுத்தால் 0.36 ஹெர்ட்ஸ். 49.2இலிருந்து கழித்தால் 48.84. நீங்கள் கணக்கிட்ட 525க்கும் என் 580க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் சரிவில் உங்களுக்கு 1,600 வந்ததற்குக் காரணம், அதற்குள் ரிசர்வும் சேர்ந்திருந்தது.

இது என் கைக்கணக்கு, அறிக்கையில் இப்படி எழுதியிருக்காது. செமினாரில் போடுவதானால் அப்படியே சொல்லிப் போடுங்கள்.

கொதிகலன்காரர்

கணக்கு அழகாக உட்காருகிறது, அதனால்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ரிசர்வ் 1,000 என்று எழுதியிருந்தால் 1,000 வந்துவிடுமா? எங்கள் அனுபவத்தில் வராது. நான் வேலை பார்த்த நிலையத்தில் கவர்னர் வால்வு திறந்ததும் டிரம்மில் தேங்கியிருக்கும் நீராவி ஓடிவரும். மெகாவாட் ஜம்மென்று ஏறும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் கழித்துப் பார்த்தால் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும், மெகாவாட்டும் கூடவே இறங்கும். நிலக்கரி அரைக்கும் மில்லில் அதன் அளவைக் கூட்டி அது பாய்லரில் எரிந்து நீராவியாக வருவதற்கு நிமிடக்கணக்கில் ஆகும். போதாக்குறைக்கு சில இடங்களில் பிரஷரைக் காப்பாற்றும் கண்ட்ரோல் குறுக்கே வந்து, கவர்னர் திறந்த வால்வைத் திரும்ப மூடிவிடும். டிரெண்ட் சார்ட்டில் இது கூர்மையான ஒரு முக்கோணம் மாதிரி தெரியும். ஏறி, உடனே இறங்கியிருக்கும். அப்படி இருந்தால் அந்த யூனிட் காகிதத்தில் மட்டும்தான் ரெஸ்பான்ஸ் தருகிறது என்று அர்த்தம்.

இன்னொரு பழைய கதை. தென் மண்டல கிரிட் தனியாக இருந்த காலத்தில், பற்றாக்குறை நாட்களில் 48 ஹெர்ட்ஸ் அருகில் மணிக்கணக்கில் ஓட்டியிருக்கிறோம். சட்டப்படி கவர்னரை விடுவித்து வைக்க வேண்டும். விடுவித்தால் அது எப்போதும் முழு வால்வையே கேட்கும், ராத்திரி லோடு விழுந்து ஃப்ரீக்வென்சி 50ஐத் தாண்டினால் மூடச் சொல்லும். நாள் முழுக்க பாய்லரோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் பல இடங்களில் லோடு லிமிட்டரை வைத்துக் கவர்னரின் வாயைக் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் கட்டினால் கிரிட்டுக்கு ட்ரூப்பே இல்லை. ஏபிடி என்ற கட்டண முறை வந்து, குறைந்த ஃப்ரீக்வென்சியில் கூடுதலாக இழுத்தால் பணம் கட்ட வேண்டும் என்றான பிறகுதான் நிலைமை மாறியது. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக மற்ற மண்டலங்களோடு சேர்ந்ததும் மொத்தக் கிரிட்டும் பெரிதாகிவிட்டது, ஒரு யூனிட் போனால் ஊசி அசைவதுகூடத் தெரியாது.

மங்கை

ஐயா சொல்வது நியாயம். பிரிட்டனிலும் சில ரெஸ்பான்ஸ் வழங்குநர்கள் ஒப்பந்தப்படி முழுதாகக் கொடுக்கவில்லை என்று ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் பின்னர் குறை சொன்னது. அப்படியானால் லோடு நான் போட்ட இரண்டு சதவீதத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருக்க வேண்டும். துல்லியமான எண்ணை இங்கே உட்கார்ந்து எடுக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே பிரைமரி ரெஸ்பான்ஸ் என்பது பத்து நொடிக்குள் வந்து, மேலும் இருபது நொடி நின்றால் போதும். அதன்பின் செகண்டரி ரெஸ்பான்ஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும், அது முப்பது நிமிடம் நிற்கும். 4:52:33க்கு முப்பது நொடி கூட்டினால் 4:53:03. கேஸ் டர்பைன் போனது 4:53:31. கைமாறும் இடத்தில் எவ்வளவு கசிந்தது என்பது என் கேள்வி.

தர்க்கவாதி

சரி, ட்ரூப் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹார்ன்சீ போகாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? மின்னல் விழுந்தது ஒரு லைனில், இருபது நொடியில் அந்த லைன் தானாகவே திரும்ப சேவைக்கு வந்துவிட்டது. காற்றாலை ஏன் பயந்து ஓடியது?

மங்கை

அது நியாயமான கேள்வி, பதில் காற்றில் இல்லை, கண்ட்ரோலரில் இருக்கிறது. மின்னலால் வோல்டேஜ் தள்ளாடியபோது ஹார்ன்சீயின் வோல்டேஜ் கட்டுப்பாடு அதை ஈடுகட்டப் பார்த்து, தானே ஊசலாட ஆரம்பித்தது. அது இணைந்திருந்த இடத்தில் கிரிட் அன்று பலவீனமாக இருந்தது, ஊசல் அடங்கவில்லை, கரண்ட் ஏறி பாதுகாப்பு ரிலேக்கள் டர்பைன்களைக் கழற்றின. 799இல் ஓடிக்கொண்டிருந்தது 62க்கு வந்தது. அந்தக் காற்றாலை அப்போது இன்னும் முழுமையாகக் கட்டிமுடிக்கப்படாத நிலையில் இருந்தது. அடுத்த நாளே கண்ட்ரோலர் மென்பொருளைத் திருத்திவிட்டார்கள்.

ஆனால் லிட்டில் பார்ஃபோர்டை விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்குப் பிடித்த சுழலும் எடை உள்ள நிலையம். ஸ்டீம் டர்பைனின் மூன்று வேக சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அளவு காட்டின, கண்ட்ரோல் சிஸ்டம் நம்பிக்கை இழந்து ட்ரிப் அடித்தது. ஏன் ஒத்துப்போகவில்லை என்பது முடிவாகவே கண்டுபிடிக்கப்படவில்லை. டர்பைன் போனதும் நீராவி பைபாஸ் வழியே கண்டென்சருக்குப் போக வேண்டும். அது சரியாக நடக்காமல் பிரஷர் ஏறியது. ஒரு நிமிடத்தில் முதல் கேஸ் டர்பைன் தானாக ட்ரிப் ஆனது, அதுதான் அந்த 210. அரை நிமிடம் கழித்து இரண்டாவதை, 187 மெகாவாட், ஆட்களே கையால் நிறுத்தினார்கள். அப்போது லோடு ஷெட்டிங் முடிந்திருந்தது, இல்லாவிட்டால் கதை வேறாகியிருக்கும். இரண்டு நிலைய உரிமையாளர்களும் தலா 45 லட்சம் பவுண்டு கட்டினார்கள்.

கொதிகலன்காரர்

பைபாஸ் வால்வு! அதைப் பற்றித் தனி இழையே போடலாம். வருடத்துக்கு ஒருமுறைகூடத் திறக்காத வால்வு, தேவைப்படும் அன்று மட்டும் ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

சோமனூர் செல்வம்

மங்கை மேடம், மில்லில் அளந்து பார்த்தேன். ஒரு செட் லோடில்லாமல் 52.1, இன்னொன்று 51.4. அங்கேயே வித்தியாசம். ட்ரூப்பையும் நாளை பார்க்கிறேன்.

ஒரு கேள்வி. 11 லட்சம் பேருக்குக் கரண்ட் போனதை யார் முடிவு செய்தார்கள்? அங்கேயும் நம்ம ஊர் மாதிரி ஷிஃப்ட் போட்டு வெட்டுவார்களா?

மங்கை

யாரும் முடிவு செய்யவில்லை, அதற்கு நேரமில்லை. விநியோக நிறுவனங்களின் துணைமின் நிலையங்களில் ஃப்ரீக்வென்சி ரிலேக்கள் இருக்கும். 48.8 வந்ததும் முன்பே ஒதுக்கிய ஃபீடர்களை அவை தாமாகவே திறந்துவிடும். அன்று 4:53:49க்கு அது நடந்தது. முதல் கட்டத்தில் நாட்டு லோடில் ஐந்து சதவீதம் போக வேண்டும் என்பது திட்டம். போனது 900 மெகாவாட் சுற்றி, அதாவது மூன்று சதவீதம் சொச்சம். இதில் ஒரு உள்குத்து இருக்கிறது. ஃபீடரைத் திறந்தால் அதில் இருக்கும் சோலாரும் சிறிய ஜெனரேட்டர்களும் சேர்ந்தே போகும். வெட்டிய அளவு முழுவதும் கிரிட்டுக்கு லாபமாக வராது. ரிலே செட்டிங் போட்ட காலத்தில் ஃபீடர் என்றால் லோடு மட்டும்தான். இப்போது மதிய வெயிலில் சில ஃபீடர்கள் கிரிட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், அதை வெட்டினால் பற்றாக்குறை கூடத்தான் செய்யும். கூரை சோலார் பெருகும் எல்லா ஊரிலும் இந்தப் பட்டியலைத் திரும்பப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃப்ரீக்வென்சி 4:57க்கு 50க்கு வந்துவிட்டது. மின்சாரம் எல்லோருக்கும் 5:37க்குள் திரும்பிவிட்டது. ஆனால் லண்டன் சுற்றுவட்டார ரயில்கள் இரவு வரை தவித்தன. ஒரு குறிப்பிட்ட வகை ரயில்களின் மென்பொருள் 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் மோட்டாரை நிறுத்திக்கொண்டது. அவற்றில் பாதியை ஓட்டுநர் திரும்ப இயக்க முடியவில்லை, டெக்னீஷியன் லேப்டாப்போடு ஒவ்வொரு ரயிலாகப் போக வேண்டியிருந்தது. அந்த ரயில்களுக்குச் சப்ளை துண்டிக்கப்படவே இல்லை என்பதுதான் கொடுமை.

மின்மாணவன்

இதைக் கேட்டே ஆக வேண்டும். 1,000 ரிசர்வ் என்பது அன்று ஓடிய மிகப்பெரிய ஒற்றை இழப்புக்கான அளவு. இரண்டு நிலையங்கள் ஒன்றாகப் போகலாம் என்று எண்ணி 2,000 வைத்திருந்தால் தீர்ந்ததா?

கொதிகலன்காரர்

தீரும். செலவை யார் தருவார்கள்? 2,000 வைக்க வேண்டும் என்றால் அத்தனை மெகாவாட்டை எப்போதும் ஓட்டாமல் பாக்கி வைத்திருக்க வேண்டும். வருடம் முழுவதும், எப்போதோ வரும் ஒரு மாலைக்காக. என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம்கூட நீடிக்காத அந்த மின்தடை மலிவானது. லோடு ஷெட்டிங் ரிலே சரியாக வேலை செய்தது, மீதி 97 சதவீத லோடு தொடர்ந்து ஓடியது. அது தோல்வி அல்ல.

தர்க்கவாதி

மருத்துவமனையிலும் ரயிலிலும் மாட்டிக்கொண்டவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ரிசர்வை ஏன் இன்னும் நீராவியில்தான் வைக்க வேண்டும்? பேட்டரி போதாதா?

மங்கை

அன்றைய 1,000இலேயே 472 பேட்டரிதான். 2020 அக்டோபரிலிருந்து டைனமிக் கண்டெய்ன்மெண்ட் என்று ஒரு சேவை வாங்குகிறார்கள், ஒரு நொடிக்குள் முழு அளவும் வந்தாக வேண்டும். பாய்லரால் அது நடக்காது, பேட்டரியால் நடக்கும். அதிலும் ட்ரூப்தான் இருக்கிறது, வால்வுக்குப் பதில் இன்வெர்ட்டரில் எழுதிய ஒரு கோடு. நொடிக்கு 0.125 என்ற பழைய ரிலே வரம்பையும் 1 ஹெர்ட்ஸாக உயர்த்தும் வேலையை முடுக்கிவிட்டார்கள். என் பார்வையில் ரிசர்வை இரட்டிப்பாக்குவதைவிட அதுதான் மலிவான மருந்து. அந்த 350 போகாமல் இருந்திருந்தால் 49.1க்கு வந்தே இருக்காது, கேஸ் டர்பைன் போனபோது கையில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்.

கொதிகலன்காரர்

பேட்டரி அரை மணி நேரம் கொடுக்கும், அப்புறம்? அதன் பின்னால் யாராவது பாய்லரைக் கொளுத்தித்தானே ஆக வேண்டும். அதோடு அன்று கிரிட்டில் 2,10,000 மெகாவாட்-செகண்ட் இருந்தது. பாதியாகிவிட்டால் அதே 1,131 இழப்புக்கு நொடிக்கு 0.27. ஒரு நொடிக்குள் வரும் பேட்டரி அதற்கும் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ரிலே போடுகிறவர், நீங்களே சொல்லுங்கள்.

மங்கை

0.27க்குப் போதும் ஐயா, புதிய ரிலே வரம்பு 1க்குள்தானே இருக்கிறது. எனக்குக் கவலை அது அல்ல. ஹார்ன்சீயில் ஊசலாடியது ஓர் இன்வெர்ட்டர் கண்ட்ரோலர். பேட்டரியும் இன்வெர்ட்டர்தான். பலவீனமான கிரிட்டில் நூறு கண்ட்ரோலர்கள் ஒரே நேரத்தில் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் திருத்தப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ட்ரூப் கோடு வரைந்து சொல்லிவிட முடியாது. அதற்கு ஒவ்வொரு கண்ட்ரோலரின் மாடலும் வேண்டும், அதைத் தயாரிப்பாளர்கள் லேசில் தருவதில்லை.

மின்மாணவன்

செமினார் வியாழக்கிழமை. இரண்டு சரிவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு, முதலாவதில் ரிசர்வ் + லோடு, இரண்டாவதில் லோடு மட்டும் என்று காட்டப்போகிறேன். கைமாறும் நேரத்தில் எவ்வளவு கசிந்தது என்று அக்கா கேட்டதை யாராவது ஒரு நொடித் தரவை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கிரிட் நிறுவனம் வெளியிடும் ஃப்ரீக்வென்சி கோப்பை இறக்கியிருக்கிறேன். அதில் 4:53:05க்கும் 4:53:31க்கும் நடுவே ஏற்றம் சீராக இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா, அல்லது ஒவ்வொரு வழங்குநரின் மெகாவாட்டும் வேண்டுமா?

மங்கை

ஃப்ரீக்வென்சி மட்டும் போதாது. ஏற்றம் சீராக இருந்தாலும் அது ரெஸ்பான்ஸா, கண்ட்ரோல் ரூம் ஏற்றச் சொன்னதா என்று பிரிக்க முடியாது. இருந்தாலும் வரைந்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

சோமனூர் செல்வம்

இரண்டாவது செட்டில் ட்ரூப் 2.2 சதவீதம் வருகிறது, முதலாவதில் 3.8. கவர்னர் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவைத் தொட்டால் சீல் உடையும், சர்வீஸ்காரர் கத்துவார். உடைக்கலாமா?

கொதிகலன்காரர்

சீலை உடைக்காதீர்கள் செல்வம். அளந்ததை எழுதி அவரிடமே கொடுங்கள், இந்த முறை ஃபில்டரை மாற்றிவிட்டுப் போக முடியாது.